டெலிகிராமில் இறக்கி வைத்த பிடிஎஃப் எல்லாம் மறுபடி அம்புக்குறி காட்டுகிறது. திரும்ப எடுக்க முடியுமா?

குறிஞ்சி_தென்காசி

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடக்குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், பள்ளிப் புத்தகங்கள் என்று நானூறு பிடிஎஃப் வரைக்கும் மூன்று டெலிகிராம் சேனல்களிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் டவர் சரியாக எடுக்காது. அதனால் டவுனுக்குப் போகும்போது நூலக வைஃபையில் இறக்கிக்கொண்டு, வீட்டில் நெட் இல்லாமலே படிப்பதுதான் வழக்கம்.

நேற்று ராத்திரி பொதுத்தமிழ் குறிப்பு ஒன்றைத் திறக்கப் போனால், கோப்பின் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி! இறக்கிப் படித்த கோப்பேதான் அது. மேலே தள்ளிப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஆனால் சில பழைய கோப்புகள் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் திறக்கின்றன, அவற்றுக்குப் பிறகு இறக்கியவை காணாமல் போயிருக்கின்றன. இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவே இல்லை.

போன் 64 ஜிபி. இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்ததால், மூன்று வாரம் முன்பு தம்பி டெலிகிராம் செட்டிங்கில் ஏதோ மாற்றினான். அப்போது டெலிகிராம் மட்டும் 14 ஜிபி காட்டியது, இப்போது 3 ஜிபிக்குக் கீழே வந்துவிட்டது. கோப்புகள் அழிந்துவிட்டனவா, திரும்ப எடுக்க முடியுமா? தேர்வுக்கு அதிக நாள் இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேலவன்_ஜி

சகோதரி, கவலையே படாதீங்க. டெலிகிராம்ல எதுவும் அழியாது, எல்லாம் கிளவுட்ல பத்திரமா இருக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணி உள்ளே போங்க, எல்லாம் தானா வந்துடும். நான் போன் மாத்தினப்போ இப்படித்தான் செஞ்சேன்.

---

ஈரோடு_சர்வீஸ்

குறிஞ்சி, தயவு செய்து அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம். வேலவன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் செய்தால் இப்போது நல்லபடியாகத் திறக்கும் கோப்புகளும் போனிலிருந்து போய்விடும். டெலிகிராம் இறக்குவதில் பெரும்பகுதி ஆப்பின் சொந்தக் கிடங்கில், `Android/data/org.telegram.messenger` என்ற போல்டருக்குள் இருக்கும். ஆப்பை நீக்கினால் ஆண்ட்ராய்டு அந்த போல்டரையும் சேர்த்தே துடைத்துவிடும். மறுபடி நிறுவினால் சேனல் வரும், செய்திகள் வரும், கோப்பின் பெயர் வரும், ஆனால் நானூறுக்கும் அம்புக்குறிதான் இருக்கும்.

நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒருவராவது இதே குழப்பத்தோடு வருவார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் தம்பி மாற்றியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். `Settings` > `Data and Storage` > `Storage Usage` போங்கள். மேலே வட்டப்படம் இருக்கும், அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளினால் `Auto-remove cached media` என்ற பகுதி வரும். அதில் தனி அரட்டை, குழு, சேனல் மூன்றுக்கும் தனித்தனியாகக் காலம் வைக்கலாம். அவர் சேனலுக்கு ஒரு வாரம் என்று வைத்திருந்தால் நீங்கள் சொல்வது அத்தனையும் பொருந்தி வருகிறது.

பழையது இருக்கிறது, புதியது போயிருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு வாரம் என்பது நீங்கள் இறக்கிய நாளிலிருந்து எண்ணுவது இல்லை. கடைசியாக அந்தக் கோப்பை எப்போது பயன்படுத்தினீர்கள் என்பதிலிருந்து எண்ணுவது. ஆறு மாதத்துக்கு முன் இறக்கிய இலக்கணக் குறிப்பைத் தினமும் புரட்டினால் அது அப்படியே இருக்கும். போன வாரத்துக்கு முந்தின வாரம் இறக்கிவிட்டு, ‘அப்புறம் படிக்கலாம்’ என்று ஒதுக்கி வைத்தது போய்விடும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது நேர் எதிராக வேலை செய்கிறது, ஏனென்றால் பின்னால் படிக்க வேண்டியதைத்தான் அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள்.

ஆக, நீக்கப்பட்டது உங்கள் போனில் இருந்த நகல் மட்டும். சேனலில் அந்தச் செய்தி இருக்கிற வரைக்கும் அம்புக்குறியைத் தொட்டால் கோப்பு திரும்ப இறங்கும்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த அமைப்பில் சேனலுக்கான காலத்தை `Never` என்று மாற்றுங்கள். மிச்சம் இருப்பதாவது நிற்கும். பிறகு மற்றதைப் பார்ப்போம்.

---

வேலவன்_ஜி

அண்ணே, போன் மாத்தும்போது எனக்கு எல்லாம் வந்துச்சே?

---

ஈரோடு_சர்வீஸ்

புது போனில் வைஃபை இருந்திருக்கும் தம்பி. அரட்டையைத் திறந்து மேலே தள்ளும்போது படங்கள் தானாக இறங்கியிருக்கும், அதனால் எல்லாம் ஏற்கெனவே இருந்த மாதிரி தோன்றியிருக்கும். அவர் வீட்டில் டவரே இல்லை என்கிறார், அதுதான் வித்தியாசம்.

---

கோமதி_மதுரை

எனக்கும் இதே பிரச்சினை. போன மாதம் போன் நிறைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் `Manage storage` போய்ப் பெரிய வீடியோக்களையெல்லாம் அழித்தேன். அதில் பேத்தியின் காதுகுத்து வீடியோவும் போய்விட்டது. இங்கே சொன்ன மாதிரி `Auto-remove` எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன், வாட்ஸ்அப்பில் காணவில்லை. அம்புக்குறியும் வரவில்லை. எப்படித் திரும்ப இறக்குவது?

---

ஈரோடு_சர்வீஸ்

அம்மா, நீங்கள் கேட்பது வேறு ஆப். வாட்ஸ்அப் வேலை செய்யும் விதமே வேறு. அங்கே செய்தியும் வீடியோவும் போய்ச் சேர்ந்தபின் இருப்பது உங்கள் போனிலும் அனுப்பியவர் போனிலும்தான். வாட்ஸ்அப்பின் சர்வர் அதை உங்களுக்காகக் காலாகாலத்துக்கும் வைத்திருக்காது. `Manage storage` வழியாக அழிப்பது உண்மையான அழிப்பு.

உங்களுக்கு இருக்கும் வழிகள் இவ்வளவுதான். அந்த வீடியோவை அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் மிக எளிது. அதே குழுவில் இருக்கும் வேறு யார் போனிலாவது இருந்தால் அவரும் அனுப்பலாம். இரண்டும் இல்லையென்றால் கூகுள் டிரைவில் வாட்ஸ்அப் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப்பில் வீடியோவும் சேர்க்கும்படி வைத்திருக்க வேண்டும், அழித்த தேதிக்கு முந்தைய பேக்கப்பாகவும் இருக்க வேண்டும். தினமும் பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தால் பழையதன் மேல் புதியது வந்துவிட்டிருக்கும். அதனால் முதலில் உறவினர்களைக் கேளுங்கள்.

---

கோமதி_மதுரை

என் மகள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். அவரிடமே கேட்கிறேன். நன்றிப்பா.

---

குறிஞ்சி_தென்காசி

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. சேனலுக்கு ஒரு வாரம் என்று வைத்திருக்கிறான். `Never` ஆக மாற்றிவிட்டேன். இன்று நூலகத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு கோப்புகளைத் தொட்டுப் பார்த்தேன், இறங்குகிறது. இப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அத்தனை கோப்பையும் ஒவ்வொன்றாகத் தேடித் தொடுவது எப்படி? சேனலில் கோப்புக்கு நடுவில் நூற்றுக்கணக்கான வினாக்கள், அறிவிப்புகள், வகுப்பு வீடியோக்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இன்னொன்று, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்றே 40, 60 எம்பி வருகிறது. என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான்.

---

ஈரோடு_சர்வீஸ்

அரட்டைக்குள் தேட வேண்டாம். சேனலின் பெயரைத் தொடுங்கள். அங்கே `Media`, `Files`, `Links` என்று பிரித்து வைத்திருக்கும். `Files` போனால் பிடிஎஃப் மட்டும் தேதிவாரியாக வரிசையாக நிற்கும். போனில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அம்புக்குறியிலேயே தெரியும். மேலே இருக்கும் தேடலில் கோப்பின் பெயரில் உள்ள ஒரு சொல்லைக் கொடுத்தால் இன்னும் சுருங்கும்.

போன் ஆப்பில் ‘எல்லாவற்றையும் இறக்கு’ என்று ஒரே பொத்தான் கிடையாது. அதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. `Data and Storage` பக்கத்திலேயே `Automatic media download` என்ற பகுதி இருக்கும். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு. வைஃபைக்கான அமைப்பில் `Files` என்பதில் சேனலை இயக்கி, அளவு வரம்பை உங்கள் பெரிய பிடிஎஃப் அடங்கும்படி, 100 எம்பி சுற்றில் வையுங்கள். அங்கேயே `Videos` என்பதைச் சேனலுக்கு அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வகுப்பு வீடியோக்கள் வந்து மறுபடி போனை அடைத்துவிடும். மொபைல் டேட்டா அமைப்பில் `Files`, `Videos` இரண்டையும் அணைத்து வையுங்கள்.

இப்போது நூலக வைஃபையில் சேனல் அரட்டையைத் திறந்து மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போங்கள். திரையில் தெரியும் கோப்புகள் தானாக இறங்கத் தொடங்கும். வேகமாகத் தள்ளினால் பாதியில் நிற்கும், நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். வேலை முடிந்ததும் இந்த அமைப்பைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

எந்தக் கோப்பாவது சுற்றிக்கொண்டே நின்றால் முதலில் போனில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். 64 ஜிபி போனில் பல நேரம் அதுதான் காரணம்.

---

தாஸ்_கணினி

கணினி கிடைக்குமென்றால் இவ்வளவு தள்ள வேண்டியதில்லை. டெலிகிராம் டெஸ்க்டாப்பில் அந்தச் சேனலைத் திறந்து, மேலே வலது மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டால் `Export chat history` வரும். அதில் மற்றவற்றை எடுத்துவிட்டு `Files` மட்டும் டிக் செய்யுங்கள். அளவு வரம்பு தொடக்கத்தில் 8 எம்பி என்றுதான் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ‘பெரிய பிடிஎஃப் எதுவுமே வரவில்லை’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோட்டை வலப்பக்கம் இழுத்து 100 எம்பிக்கு மேல் வையுங்கள். தேதி வரம்பும் கொடுக்கலாம். முடிந்ததும் `Downloads` போல்டருக்குள் `Telegram Desktop` என்ற இடத்தில், `ChatExport` என்று தொடங்கும் போல்டர் உருவாகும். அதற்குள் `files` என்பதில் அத்தனை பிடிஎஃபும் கிடக்கும். யூஎஸ்பி கேபிளில் போனுக்கு மாற்றிக்கொள்ளலாம், மெமரி கார்டில் போடலாம். டெலிகிராமின் எந்த அமைப்பும் அதைத் தொடாது.

முதல் தடவை நுழைந்த கணினி என்றால், பாதுகாப்புக்காக 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். பயப்பட வேண்டாம். உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும், அதில் அனுமதி கொடுத்தால் உடனே தொடங்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் செய்வதாக இருந்தால், வேலை முடிந்ததும் போனில் `Settings` > `Devices` போய் அந்தக் கணினியை வெளியேற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உங்கள் அரட்டை முழுதும் அங்கே திறந்தபடி இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

---

குறிஞ்சி_தென்காசி

தாஸ் அண்ணா, தோழியின் மடிக்கணினியில் செய்தேன். இரண்டு சேனலுக்கு அருமையாக வந்தது. ஒரு சேனலுக்கு மட்டும் அந்த `Export` வரியே இல்லை. போனில் அதே சேனலின் கோப்புகள் தொட்டால் திறக்கின்றன, ஆனால் யாருக்கும் அனுப்பவும் முடியவில்லை.

---

தாஸ்_கணினி

அந்தச் சேனல் நடத்துபவர் உள்ளடக்கத்தைச் சேமிக்கவும் அனுப்பவும் தடை போட்டிருக்கிறார். 2021 கடைசியில் வந்த வசதி அது. அப்படிப்பட்ட சேனலில் கோப்பைத் திறந்து பார்க்கலாம். திரும்ப இறக்க முடியும், வெளியே எடுக்க முடியாது. அந்தச் சேனலுக்கு ஈரோடு அண்ணன் சொன்ன தள்ளும் வழிதான்.

---

பிரதீபன்_மட்டு

நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுறன். எனக்கும் இதுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. வெளிநாட்டில இருக்கிற அக்காவோட `Secret Chat`டிலதான் கதைக்கிறனான். வீட்டுக் காணிப் பத்திரங்களின்ட படங்களை அதிலதான் அனுப்பினவா. போன கிழமை போன் மெதுவா இருக்கெண்டு கடையில குடுத்தன். அவங்கள் செட்டிங்கில போய் டெலிகிராமின்ட `Clear data`வை அமத்திப் போட்டாங்கள். திரும்ப உள்ள போக மற்ற எல்லா அரட்டையும் வந்திட்டு, அந்த அரட்டை மட்டும் இல்லை. எங்க போய்த் தேடுறது?

---

ஈரோடு_சர்வீஸ்

பிரதீபன், இது வருத்தமான பதில்தான். ரகசிய அரட்டை மேகக்கணினியில் சேராது. அந்த இரண்டு போனுக்குள் மட்டும் வாழ்வது. அதைத் திறக்கும் சாவி உங்கள் போனில்தான் இருந்தது, `Clear data` அடித்ததும் சாவியோடு போய்விட்டது. அதில் அனுப்பிய படங்கள் பூட்டிய நிலையில் டெலிகிராம் சர்வர் வழியாகத்தான் வந்திருக்கும், ஆனால் சாவி இல்லாமல் அவற்றால் பயன் இல்லை. அவர்களும் அதை அவ்வப்போது துடைத்துவிடுவார்கள்.

ஆனால் உங்கள் அக்காவின் போனில் அந்த அரட்டை இன்னும் இருக்கலாம். அவர் பக்கத்தில் உள்ள பழைய அரட்டையை மூடுவதற்கு முன், படங்களை கேலரியில் சேமிக்கச் சொல்லுங்கள். பத்திரம் என்றால் அவரிடம் மூலமும் இருக்கக்கூடும். இன்றைக்கே பேசுங்கள், அவரும் போன் மாற்றினால் அதுவும் போய்விடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டின் ஆப் தகவல் பக்கத்தில் `Clear cache`, `Clear storage` என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். சில போன்களில் இரண்டாவதை `Clear data` என்று போட்டிருக்கும். முதலாவதால் பெரிய சேதம் இல்லை. இரண்டாவது உங்களைக் கணக்கிலிருந்தே வெளியேற்றிவிடும். இடம் வேண்டுமென்றால் இரண்டையும் தொடாமல், டெலிகிராமுக்குள்ளேயே `Storage Usage` வழியாகப் போவதுதான் நல்லது. அங்கே எதை நீக்குகிறோம் என்று பார்த்துச் செய்யலாம்.

---

பிரதீபன்_மட்டு

அக்காவோட கதைச்சன். அவாட போனில அரட்டை இருக்கு, படங்களும் திறக்குது. இப்பவே சேமிச்சுப் போட்டு மின்னஞ்சல்ல அனுப்புறா. பெரிய உதவி அண்ணை.

---

குறிஞ்சி_தென்காசி

இன்னும் இரண்டு சிக்கல். ஒன்று, அறிவியல் குறிப்பு வைத்திருந்த சேனலில் சில செய்திகளே இல்லை. அம்புக்குறி இல்லை, கோப்பின் பெயரும் இல்லை, அந்த இடமே காலி. இரண்டாவதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. திரும்ப இறக்கிய பொதுத்தமிழ் பிடிஎஃபில் நான் மஞ்சளில் அடித்த கோடுகள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எதுவும் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து குறித்தது.

---

நெல்லை_குறிப்பகம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், நானும் ஒரு சிறிய சேனல் நடத்துகிறேன். செய்தி இல்லையென்றால் நடத்துபவரே அழித்திருப்பார், அல்லது அழிக்க வைக்கப்பட்டிருப்பார். தனியார் பயிற்சி மையங்களின் அச்சுப் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து போடுகிற சேனல்கள் நிறைய. உரிமை உள்ளவர்கள் புகார் கொடுத்தால் அந்தக் கோப்போ, சில நேரம் சேனலோ முடக்கப்படும். 2022 ஆகஸ்டில், தன் பாடங்களைச் சேனல்களில் பரப்புகிறார்கள் என்று ஒரு பயிற்சி ஆசிரியை தொடுத்த வழக்கில், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைக் கொடுக்கச் சொல்லி டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு பலர் தாங்களாகவே பழைய பதிவுகளை எடுத்துவிட்டதைப் பார்த்தேன்.

நம் போனிலிருந்து நகலும் போய், சேனலிலும் செய்தி அழிந்துவிட்டால் திரும்ப இறக்க எதுவும் மிஞ்சாது. மேகத்தில் இருக்கிறது என்பது அந்தச் செய்தி இருக்கும் வரைதான்.

முக்கியமான ஒன்று சொல்லட்டுமா? பள்ளிப் புத்தகங்களை நீங்கள் டெலிகிராமில் தேடவே வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசமாக பிடிஎஃப் கிடைக்கிறது. பழைய வினாத்தாள்களுக்குத் தேர்வாணையத்தின் `tnpsc.gov.in` இருக்கிறது. அங்கே எடுத்தால் கோப்பும் முழுசாக, தெளிவாக இருக்கும். சேனல்களில் சுற்றுவதில் நடுவில் பக்கம் விடுபட்டவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

---

வேலவன்_ஜி

முக்கியமானதை `Saved Messages`க்கு பார்வர்டு பண்ணி வெச்சுட்டா போதும்ல? சேனல்ல அழிச்சாலும் நம்மகிட்ட இருக்கும்.

---

நெல்லை_குறிப்பகம்

ஆமாம், சேனல் நடத்துபவர் தன் செய்தியை அழித்தாலும் நீங்கள் அனுப்பி வைத்த நகல் உங்கள் கணக்கில் நிற்கும். இதை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அதுவும் மேகத்தில்தான் நிற்கும், போனில் இல்லை. `Saved Messages` தனி அரட்டைக் கணக்கில் வரும், தனி அரட்டைக்கு நீங்கள் ஒரு வாரம் வைத்திருந்தால் அங்கேயும் அம்புக்குறி வந்துவிடும். டவர் இல்லாத வீட்டில் அது உதவாது.

---

ஈரோடு_சர்வீஸ்

கோடுகள் பற்றி: குறிஞ்சி, நீங்கள் எந்த ஆப்பில் கோடு போட்டீர்கள்? டெலிகிராமுக்குள் பிடிஎஃபில் கோடு போட முடியாது, வேறு ஒரு பிடிஎஃப் ஆப்பில்தான் திறந்திருப்பீர்கள். டெலிகிராம் அந்த ஆப்புக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி கொடுக்கும், எழுத இல்லை. அதனால் நீங்கள் சேமித்தபோது அந்த ஆப் தனியாக ஒரு நகல் எடுத்திருக்க வேண்டும். அது டெலிகிராமின் கிடங்கில் இருக்காது. அந்த பிடிஎஃப் ஆப்பைத் திறந்து சமீபத்திய கோப்புகள் பட்டியலைப் பாருங்கள். பிறகு போனின் `Documents`, `Download` போல்டர்களில் கோப்பின் பெயரைத் தேடுங்கள், பெயருக்குப் பின்னால் ஒரு எண் சேர்ந்திருக்கலாம். சேனலில் இருப்பது எப்போதும் வெறும் மூலம்தான், எத்தனை தடவை இறக்கினாலும் உங்கள் கோடு அதில் வராது.

---

குறிஞ்சி_தென்காசி

சிலவற்றுக்கு நகல் கிடைத்தது, `Documents` போல்டரில் இருந்தது! இலக்கணம் முழுதும் கிடைத்துவிட்டது. இலக்கியப் பகுதி கிடைக்கவில்லை. அதில் சேமிக்கவா என்று கேட்டபோது என்ன அழுத்தினேன் என்று நினைவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, தொட்டால் கோப்பு இல்லை என்கிறது.

---

ஈரோடு_சர்வீஸ்

பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது என்றால் அது டெலிகிராம் கொடுத்த தற்காலிக முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. தனி நகல் எடுக்கப்படவில்லை. சில ஆப்கள் குறிப்புகளைத் தங்கள் கணக்கில் ஏற்றி வைக்கும். அந்த ஆப்பில் நீங்கள் உள்நுழைந்து பயன்படுத்தியிருந்தால் அதன் தளத்தில் ஒரு தடவை பாருங்கள். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

இனிமேல் கோடு போடுவதற்கு முன், டெலிகிராமில் கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Save to Downloads` கொடுங்கள். கோப்பு போனின் பொதுவான `Download` போல்டருக்குப் போய்விடும். அங்கிருந்து திறந்து கோடு போடுங்கள். டெலிகிராமின் தானாக நீக்கும் அமைப்பு அந்த நகலைத் தொடாது, ஆப்பை நீக்கினாலும் அது நிற்கும். இதில் ஒரு சிரமம் உண்டு. அதே கோப்பு இரண்டு இடத்தில் இடம் பிடிக்கும். அப்படிச் சேமித்த பிறகு டெலிகிராமுக்குள் இருப்பதை நீக்கிக்கொள்ளலாம்.

இடத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். `Storage Usage` வட்டப்படத்தைப் பாருங்கள், உங்கள் 14 ஜிபியில் பிடிஎஃப் சிறு பங்குதான் இருந்திருக்கும். நானூறு கோப்பு, ஒன்று சராசரி 10 எம்பி என்று வைத்தால்கூட 4 ஜிபிதான். மீதி எல்லாம் வகுப்பு வீடியோவாக இருக்கும். அந்தப் பக்கத்தில் வீடியோவை மட்டும் டிக் செய்து, மற்றதை எடுத்துவிட்டு நீக்கலாம். கீழே போனால் அரட்டைவாரியாகவும், கோப்புவாரியாகவும் பட்டியல் இருக்கும். பெரியதைப் பார்த்து ஒன்றொன்றாகத் தேர்ந்தெடுத்தும் நீக்கலாம். வீடியோவை நூலகத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம், பிடிஎஃப் வீட்டில் வேண்டும் என்பதுதானே உங்கள் தேவை.

---

தாஸ்_கணினி

எல்லாச் சேனலுக்கும் `Never` வைத்தால் போன் மறுபடி நிறையும். சேனலுக்குப் பொதுவாக ஒரு வாரமே இருக்கட்டும். அதே பக்கத்தில் `Add an Exception` இருக்கிறது, படிப்புச் சேனல் மூன்றை மட்டும் அதில் சேர்த்து `Never` கொடுங்கள். செய்தி, சினிமா சேனலெல்லாம் தானாகத் துடைக்கப்படும். அதோடு கீழே `Maximum cache size` என்று ஒரு கோடு இருக்கும், அதை `No Limit`க்கு இழுத்து வையுங்கள். இது தனி விதி. 5 ஜிபி என்று வைத்திருந்தால், காலம் ஆகாவிட்டாலும் 5 ஜிபியைத் தாண்டியதும் நெடுநாள் தொடாத கோப்பிலிருந்து நீக்கத் தொடங்கும்.

---

நெல்லை_குறிப்பகம்

விதிவிலக்கில் `Never` கொடுத்த சேனலையும் அந்த 5 ஜிபி வரம்பு நீக்குமா? என் பழைய போனில் நீக்காமல்தான் இருந்தது.

---

தாஸ்_கணினி

என் தம்பியின் போனில் விதிவிலக்கு இருந்தும் பழைய ஆடியோக்கள் போயின. அதனால்தான் இரண்டையும் மாற்றச் சொல்கிறேன்.

---

ஈரோடு_சர்வீஸ்

அந்த ஆடியோக்கள் விதிவிலக்கு போட்ட அரட்டையில் இருந்தவையா, அங்கிருந்து வேறு குழுவுக்கு அனுப்பித் திறந்தவையா என்று பார்த்தீர்களா தாஸ்? கடைக்கு வந்த ஒரு போனில் நெல்லை சொல்வது போலவும் பார்த்தேன், நீங்கள் சொல்வது போலவும் பார்த்தேன். எப்படியானாலும் படிப்புக்கு வேண்டியதை `Save to Downloads` செய்துவிட்டால் இந்த விதிகளுக்குள் சிக்காது.

---

தாஸ்_கணினி

அதைப் பார்க்கவில்லை. தம்பி ஊருக்கு வரும்போது அவன் போனில் ஒரு சோதனை அரட்டை வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

---

நெல்லை_குறிப்பகம்

குறிஞ்சி, அறிவியலில் உங்களுக்கு எந்தப் பகுதிகள் விடுபட்டன என்று பட்டியல் போடுங்கள். நான் என் கையால் எழுதிய குறிப்புகள் இயற்பியல், உயிரியல் இரண்டுக்கும் இருக்கின்றன. யாருடைய புத்தகமும் இல்லை, அதனால் யாரும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். சேமிக்கத் தடையும் போடவில்லை. அலகுக்கு ஒரு கோப்பாக, 5 எம்பிக்குள் சுருக்கி நாளைக் காலை ஏற்றுகிறேன்.

---

குறிஞ்சி_தென்காசி

இயற்பியலில் ஒளியியல், மின்னியல். உயிரியலில் மனித உடல் முழுதும், தாவரவியலில் இரண்டு அலகு. நாளை பத்து மணிக்கு நூலகம் திறந்ததும் இறக்கிக்கொள்கிறேன் அண்ணா, இந்தத் தடவை நேராக `Download` போல்டருக்கு.